ஒரு சதவீதமா, ஒரு சதவீதப் புள்ளியா?

2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ரெப்போ வட்டி விகிதம் 6.50 சதவீதமாக இருந்தது. பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் தலா 0.25, ஜூன் மாதத்தில் 0.50 என்று மூன்று முறை குறைத்து, அதை 5.50 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது இந்திய ரிசர்வ் வங்கி. நான்கே மாதங்களில் வட்டி ஒரு சதவீதம் குறைந்துவிட்டது என்றுதான் நாம் அனைவரும் பேசிக்கொண்டோம். செய்திகளும் அப்படியே சொல்லின.

சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டால் இது பிழை. 6.50-இல் ஒரு சதவீதம் என்பது 0.065. அவ்வளவு மட்டும் குறைந்திருந்தால் புதிய விகிதம் 6.435 ஆக இருந்திருக்கும். உண்மையில் குறைந்தது ஒரு சதவீதப் புள்ளி. பழைய விகிதத்தோடு ஒப்பிட்டால் அது 15 சதவீதத்துக்கும் சற்று அதிகமான வீழ்ச்சி. இரண்டு சதவீதங்களைக் கழித்தால் கிடைக்கும் விடையைப் புள்ளிகளில் சொல்ல வேண்டும். அந்த விடை பழைய அளவில் எத்தனை பங்கு என்று கணக்கிட்டால்தான் சதவீதம் என்ற சொல் பொருந்தும். வங்கித் துறையினர் இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே ஒரு சதவீதப் புள்ளியை நூறாகப் பகுத்து ‘அடிப்படைப் புள்ளி’ என்ற அலகைப் பயன்படுத்துகிறார்கள். ஜூன் மாதக் குறைப்பு அவர்கள் மொழியில் 50 அடிப்படைப் புள்ளிகள்.

எங்கள் காஞ்சிபுரத்துக் கடைவீதியில் இந்தக் குழப்பமே எழுவதில்லை என்பதைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். அங்கே வட்டி, நூறு ரூபாய்க்கு மாதம் எத்தனை ரூபாய் என்று பேசப்படுகிறது. ‘இரண்டு வட்டி’ என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். ஆண்டுக்கு 24 சதவீதம். கடன் கொடுத்தவர் மனமிரங்கி அதை ஒன்றரை வட்டியாக்கினால், அரை ரூபாய் குறைந்தது என்பார்கள். யாரும் அரை சதவீதம் என்பதில்லை. கடன் வாங்கியவருக்கும் தான் கட்டும் வட்டியில் கால் பங்கு மிச்சமாகிறது என்பது உடனே தெரிந்துவிடும். ரூபாய் என்ற அலகு இருப்பதால் கழித்தல் கணக்கும் பங்குக் கணக்கும் தனித்தனியே நிற்கின்றன. சதவீதம் என்ற ஒரே சொல்லை விகிதத்துக்கும் அதன் மாற்றத்துக்கும் சேர்த்துப் பயன்படுத்தும்போதுதான் இரண்டும் கலந்துபோகின்றன.

இந்தக் கலப்பினால் பாதிக்கப்படுபவர்களில் முதலில் வருபவர்கள் என்னைப் போன்ற ஓய்வு பெற்றவர்கள். கடன் வட்டி குறையும்போது வைப்புத்தொகை வட்டியும் குறைகிறது. பத்து லட்ச ரூபாயை ஓராண்டு வைப்பாக 7.5 சதவீத வட்டியில் போட்டிருந்தவருக்கு, கூட்டு வட்டியை விட்டுவிட்டால், ஆண்டுக்கு 75,000 ரூபாய் கிடைத்திருக்கும். முதிர்ந்த தொகையைப் புதுப்பிக்கும்போது விகிதம் 6.5 ஆக இருந்தால் கிடைப்பது 65,000. ஒரு சதவீதம்தான் குறைந்தது என்று செய்தியைப் படித்து அமைதியாக இருந்தவரின் வட்டி வருமானம் 13 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது. ஒரு சதவீதக் குறைவு மட்டுமே என்றால் அவர் 750 ரூபாய்தான் இழந்திருப்பார். மாத மருந்துச் செலவை இந்த வட்டியிலிருந்து எடுப்பவருக்கு 750-க்கும் 10,000-க்கும் இடையிலான தூரம் இலக்கணச் சிக்கல் அன்று.

மூத்த குடிமக்களுக்கு ‘0.50 சதவீதம் கூடுதல் வட்டி’ என்று வங்கிகள் விளம்பரம் செய்வதும் இதே வகைதான். அங்கே குழப்பம் நமக்குச் சாதகமாக இருப்பதால் யாரும் கேள்வி கேட்பதில்லை. 7 சதவீதத்தின் மீது அரை சதவீதம் என்று கணக்கிட்டால் பத்து லட்சத்துக்குக் கிடைப்பது ஆண்டுக்கு 350 ரூபாய். வங்கி உண்மையில் தருவது 5,000 ரூபாய்.

நெசவாளர்களின் நிலை இதைவிடச் சிக்கலானது. கைத்தறி நெசவாளர்களுக்கான முத்ரா கடன் திட்டத்தில், கடன் பெறுபவர் செலுத்த வேண்டிய வட்டி 6 சதவீதம் என்று வரையறுத்து, வங்கியின் விகிதத்துக்கும் அதற்கும் உள்ள இடைவெளியை மூன்று ஆண்டுகளுக்கு அரசு ஏற்கும் ஏற்பாடு வகுக்கப்பட்டது. அந்த மானியத்தின் உச்சவரம்பு ‘7 சதவீதம்’. இது நெசவாளர் கட்டும் வட்டி அன்று. வட்டித் தொகையில் நூற்றுக்கு ஏழு பங்கு தள்ளுபடியும் அன்று. ஏழு சதவீதப் புள்ளிகள் வரை அரசு ஏற்கும் என்பதே பொருள்.

பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருக்கும் ஒருவர் 50,000 ரூபாய் கடன் வாங்கி, நிலுவை குறையாமல் வைத்திருப்பதாகக் கொள்வோம். வங்கியின் விகிதம் 11 சதவீதம் என்றால் ஆண்டு வட்டி 5,500 ரூபாய். அதில் ஐந்து புள்ளிகளை, அதாவது 2,500 ரூபாயை, அரசு செலுத்த, அவர் கட்டுவது 3,000. மானியக் காலம் முடிந்த மறு ஆண்டில் அவர் முழுத் தொகையையும் கட்ட வேண்டும். வட்டி ஐந்து சதவீதம் கூடுகிறது என்று ஒருவர் அவரிடம் சொன்னால், 3,000-த்துடன் 150 ரூபாய் சேர்த்து எடுத்து வைப்பார். கேட்கப்படும் தொகையோ 5,500. அதாவது 83 சதவீத உயர்வு. பாவும் ஊடையும் கணக்குத் தப்பாமல் கோக்கத் தெரிந்தவரை இந்த இடத்தில் ஏமாற வைப்பது அவருடைய அறியாமை அன்று, நம்முடைய சொல்.

தேர்தல் செய்திகளில் இன்னொரு சுற்றுக் குழப்பம் சேர்கிறது. 2019 மக்களவைத் தேர்தலில் பாஜகவின் தேசிய வாக்கு விகிதம் ஏறத்தாழ 37.4 சதவீதம், 2024-இல் 36.6. வித்தியாசம் 0.8 புள்ளி. இதை அக்கட்சியின் ‘வாக்குகள் 0.8 சதவீதம் குறைந்தன’ என்று எழுதினால் அது இரண்டு முறை தவறாகிறது. பழைய விகிதத்தோடு ஒப்பிட்டால் வீழ்ச்சி சுமார் 2 சதவீதம். வாக்குகளின் எண்ணிக்கையோ குறையவே இல்லை, 22.9 கோடியிலிருந்து 23.6 கோடியாக, சுமார் 3 சதவீதம் உயர்ந்தது. பதிவான மொத்த வாக்குகள் அதைவிட வேகமாகப் பெருகியதால் பங்கு சுருங்கியது. இடங்களோ 303-இலிருந்து 240 ஆகக் குறைந்தன. அது 21 சதவீத வீழ்ச்சி. ஒரே தேர்தல், ஒரே கட்சி: 0.8 புள்ளி இறக்கம், 2 சதவீத இறக்கம், 3 சதவீத ஏற்றம், 21 சதவீத இறக்கம் ஆகிய நான்குமே உண்மை. தொலைக்காட்சி விவாதங்களில் ஒவ்வொரு தரப்பும் தனக்கு உகந்த ஒன்றை எடுத்துக்கொண்டு, அனைத்தையும் ‘சதவீதம்’ என்ற ஒரே சொல்லில் சொல்கிறது. எதன் சதவீதம் என்று நெறியாளர் கேட்டு நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

சிறிய கட்சிகளின் வளர்ச்சியைப் பேசும்போது இது கேலிக்கூத்தாகவே ஆகிவிடும். ஒரு கட்சியின் பங்கு 1 சதவீதத்திலிருந்து 3 ஆனால், இரண்டு புள்ளிகள் என்பதும் 200 சதவீத வளர்ச்சி என்பதும் சரியே. ஆதரவாளர் இரண்டாவதைச் சொல்வார், எதிராளி முதலாவதைச் சொல்வார். நூற்றில் 97 வாக்குகள் வேறு இடத்துக்குப் போயின என்பதை இருவரும் சொல்ல மாட்டார்கள்.

‘ரெப்போ விகிதம் 0.25 சதவீதம் குறைப்பு’ என்று எழுதும் ஒவ்வொரு செய்தியாளரையும் பிடித்துத் திருத்த வேண்டும் என்பது என் கருத்தன்று. அடுத்த வரியிலேயே 6.50-இலிருந்து 6.25 என்று இருந்தால் யாருக்கும் தீங்கில்லை. வாசகர் தாமே கழித்துக்கொள்வார். பழைய விகிதமும் புதிய விகிதமும் இல்லாமல் மாற்றம் மட்டும் தரப்படும் செய்திதான் ஆபத்தானது. வரவு வைப்பவரா, கடன் கட்டுபவரா, வாக்காளரா என்பதைப் பொறுத்து அதன் பொருள் பத்து மடங்குக்கு மேல் மாறக்கூடும். ‘சதவீதப் புள்ளி’ என்ற சொல் தலைப்பில் இடம் பிடிக்கிறது என்று ஆசிரியர் குழுவினர் தயங்கலாம். ‘6.50-இலிருந்து 6.25’ என்பதற்கு அதைவிடக் குறைந்த இடமே போதும்.