பழைய ஸ்டாக்கை முதலில் விற்றால் போதுமா? மருந்து, உணவுப் பொருட்களில் 'ஃபெஃபோ' கணக்கு எப்படி வேலை செய்கிறது?

எந்தச் சரக்கை முதலில் விற்பீர்கள் என்று கடைக்காரர்களிடம் கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "முதல்ல வந்ததை முதல்ல விக்கணும்." ஆணி, பக்கெட், நோட்டுப் புத்தகம் விற்பவருக்கு இது சரியான பதில். மாத்திரையும் பிஸ்கட்டும் விற்பவருக்கு இது பாதி பதில்தான்.

ஏனென்றால், கடைக்கு முதலில் வந்த பொருள்தான் முதலில் காலாவதியாகும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அதனால்தான் மருந்து, உணவு வணிகத்தில் வேறொரு வரிசை பின்பற்றப்படுகிறது. எது எப்போது கடைக்கு வந்தது என்பதைப் பார்க்காமல், எது முதலில் காலாவதியாகுமோ அதை முதலில் வெளியே அனுப்புவது. ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து இதை 'ஃபெஃபோ' என்கிறார்கள். கேட்பதற்கு ரொம்ப எளிமையான விதி. ஆனால் இதைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினால், காலாவதியாகப் போகும் பொருள் கடையிலிருந்து நம் வீட்டுக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

பிறகு வந்தது முன்பே காலாவதி ஆகுமா?

ஆகும். மொத்த வியாபாரியின் குடோனில் மூலையில் கிடந்த பெட்டி தாமதமாகக் கடைக்கு வரலாம். ஒரு கிளையில் விற்காத சரக்கை இன்னொரு கிளைக்கு மாற்றலாம். பத்து வாங்கினால் ஒன்று இலவசம் என்ற சலுகையில், தேதி நெருங்கிய பேட்ச் தலையில் கட்டப்படலாம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு மெடிக்கல் கடைக்கு 2026 ஜனவரி தொடக்கத்தில் ரத்த அழுத்த மாத்திரை 600 அட்டைகள் வருகின்றன. காலாவதி 2027 மார்ச். மாதம் 100 அட்டைகள் விற்பனையாகின்றன. மார்ச் தொடக்கத்தில் அதே மாத்திரை இன்னொரு 400 அட்டைகள் வருகின்றன. இதன் காலாவதி 2026 ஆகஸ்ட். இப்போது கடையில் பழைய பேட்ச்சில் 400, புதிய பேட்ச்சில் 400 அட்டைகள் இருக்கின்றன.

முதலில் வந்ததை முதலில் விற்றால், மார்ச் முதல் ஜூன் வரை பழைய பேட்ச் போகும். ஜூலையில்தான் புதிய பேட்ச்சில் கை வைப்பார்கள். ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதங்களில் 200 அட்டைகள் விற்கும். மீதி 200 அட்டைகள் ஆகஸ்ட் 31 இரவோடு குப்பை. (அட்டையில் மாதமும் ஆண்டும் மட்டும் இருந்தால், அந்த மாதத்தின் கடைசி நாள் வரை என்று பொருள்.)

ஃபெஃபோ முறையில் வரிசையைத் திருப்பினால், மார்ச்சில் வந்த 400 அட்டைகள் ஜூன் இறுதிக்குள் தீர்ந்துவிடும். காலாவதிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கும். ஜனவரியில் வந்த 400 அட்டைகள் ஜூலை முதல் அக்டோபர் வரை விற்கும். ஒன்றுகூட வீணாகாது. சரக்கும் அதே, விற்பனையும் அதே. எடுக்கும் வரிசை மட்டும்தான் மாறியிருக்கிறது.

கடைக்கு லாபம், நோயாளிக்கு?

இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. ஜூன் 10-ம் தேதி ஒருவர் அந்தக் கடைக்கு வருகிறார். தினமும் ஒரு மாத்திரை சாப்பிடுபவர். வெளியூரில் மகள் வீட்டுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதத்துக்குச் சேர்த்து 9 அட்டைகள், அதாவது 90 மாத்திரைகள் கேட்கிறார். ஃபெஃபோ விதிப்படி கடைக்காரர் ஆகஸ்ட் காலாவதி பேட்ச்சை எடுத்துக் கொடுக்கிறார். விற்ற அன்று அந்த மாத்திரையில் எந்தக் குறையும் இல்லை, சட்டப்படியும் தவறில்லை.

ஆனால் ஜூன் 10 முதல் ஆகஸ்ட் 31 வரை எண்ணினால் 83 நாள்தான். கடைசி 7 மாத்திரைகளை அவர் செப்டம்பரில், காலாவதியான பிறகு சாப்பிடுவார். பெரும்பாலும் அவருக்கு அது தெரியவே தெரியாது. முதல் அட்டையைப் பிரிக்கும்போது தேதி பார்ப்பவர்கள்கூட ஒன்பதாவது அட்டையைப் பிரிக்கும்போது பார்ப்பதில்லை.

எனவே மருந்துக் கடையில் ஃபெஃபோவைச் சரியாகச் சொல்வதென்றால் இப்படித்தான் சொல்ல வேண்டும்: வாங்குபவர் கடைசி மாத்திரையைச் சாப்பிடும் நாளையும் தாண்டி நிற்கும் பேட்ச்களில், எது முதலில் காலாவதியாகிறதோ அதைக் கொடு. மூன்று மாதத்துக்கு வாங்குபவருக்கு 2027 மார்ச் பேட்ச். பத்து நாளுக்கு வாங்குபவருக்கு ஆகஸ்ட் பேட்ச். ஒரே நாளில், ஒரே கல்லாவில், இரண்டு பேருக்கு இரண்டு பேட்ச் போவது குழப்பம் அல்ல, அதுதான் சரி.

பில் போடும் மென்பொருள்கள் பலவற்றில் காலாவதி வரிசைப்படி பேட்ச்கள் தானாகவே வந்து நிற்கும். ஆனால் நோயாளி எத்தனை நாளுக்கு வாங்குகிறார் என்பது மென்பொருளுக்குத் தெரியாது. அதைக் கேட்க வேண்டியது கவுன்டரில் நிற்கும் மனிதர்தான்.

கம்ப்யூட்டர் ஒன்று சொல்லும், கை ஒன்று எடுக்கும்

நடைமுறையில் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். திரையில் ஆகஸ்ட் பேட்ச் வருகிறது, பில்லும் அதற்கே அடிக்கப்படுகிறது. ஆனால் அவசரத்தில் ஊழியரின் கை, டப்பாவில் மேலே இருக்கும் மார்ச் பேட்ச்சை எடுத்துவிடுகிறது. இரண்டும் ஒரே மாத்திரை, ஒரே விலை. யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

இப்படியே நாலு மாதம் போனால் கணக்கில் ஆகஸ்ட் பேட்ச் 'பூஜ்யம்' என்று காட்டும். அலமாரியில் அது அப்படியே உட்கார்ந்திருக்கும். கணக்கில் இல்லாத சரக்குக்குக் காலாவதி எச்சரிக்கை எப்படி வரும்? அதனால், கடையின் ஃபெஃபோ உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரே வழி, அலமாரியில் இருக்கும் அட்டைகளின் பேட்ச் எண்ணைக் கணக்கோடு ஒப்பிடுவதுதான். இரண்டு பேட்ச்களை ஒரே டப்பாவில் கொட்டாமல் இருந்தாலே பாதிப் பிரச்சனை தீரும்.

இதை நாமும் பார்க்கலாம். பில்லில் உள்ள பேட்ச் எண்ணும் காலாவதி மாதமும் கையில் இருக்கும் அட்டையோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க பத்து விநாடி ஆகும். அட்டையை வெட்டி நாலு மாத்திரை வாங்கும்போது, தேதி அச்சிட்ட பகுதி பெரும்பாலும் ஏதாவது ஒரு பக்கம் மட்டும் போய்விடும். அப்போது நமக்கிருக்கும் ஒரே ஆதாரம் அந்த பில்தான்.

காலாவதியான மருந்தைக் கடையில் வைத்திருப்பதே தவறா என்ற கேள்வி அடிக்கடி வரும். மருந்துகள் விதிகள் 1945-ன்படி காலாவதியான மருந்தை விற்கவோ விற்பனைச் சரக்கோடு வைத்திருக்கவோ கூடாது. நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்பவோ அழிக்கவோ நடவடிக்கை எடுத்திருந்தால், அதுவரை தனியாகப் பெட்டியில் போட்டு, மேலே 'விற்பனைக்கு அல்ல' என்று தெளிவாக எழுதி வைக்கலாம்.

பிஸ்கட் பெட்டியும் 30 சதவீதக் கோடும்

உணவுப் பொருள் ஏஜென்சிகளில் எதிரி மென்பொருள் அல்ல, அடுக்கும் முறைதான். பெட்டி மேல் பெட்டியாக அடுக்கினால் அடியில் இருப்பது பழசு, கைக்கு வருவது புதுசு. தேதியும் பெட்டியின் ஒரு பக்கத்தில் பொடி எழுத்தில்தான் இருக்கும். ஒவ்வொரு காலாவதி மாதத்துக்கும் தனி அடுக்கு, பெட்டியின் முன்பக்கம் மார்க்கரில் பெரிய எழுத்தில் மாதம் என்று வைத்திருக்கும் குடோன்களில் தேதி தேட வேண்டியதே இல்லை. சூப்பர் மார்க்கெட் அலமாரியிலும் இதே கதைதான். புதுப் பாக்கெட்டைப் பின்னால் வைத்து, பழையதை முன்னால் தள்ள வேண்டும். நம்மில் பலர் கையைப் பின்னால் விட்டு எடுப்பதும் இது தெரிந்துதான்!

மருந்தில் பார்த்த அதே கேள்வி உணவிலும் வருகிறது. காலாவதி நெருங்கியதை எதுவரை அனுப்பிக்கொண்டே இருக்கலாம்? ஒரு கோடு வேண்டாமா?

ஆன்லைன் டெலிவரிக்கு அப்படியொரு கோட்டை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2024 நவம்பரில் சொன்னது. வாடிக்கையாளர் கைக்குப் போகும்போது பொருளின் மொத்த ஆயுளில் குறைந்தது 30 சதவீதம், அல்லது காலாவதிக்கு 45 நாள் மீதம் இருப்பதை உறுதி செய்யுமாறு இ-காமர்ஸ் நிறுவனங்களிடம் வலியுறுத்தியது. 180 நாள் ஆயுள் உள்ள பிஸ்கட்டுக்கு 30 சதவீதம் என்பது 54 நாள். 10 நாள் ஆயுள் உள்ள பொருளுக்கு 3 நாள்தான். அதற்கு 45 நாள் என்ற பேச்சே பொருந்தாது.

இப்போது 60 நாள் மீதமுள்ள பிஸ்கட் பெட்டி ஒன்று ஏஜென்சியில் இருக்கிறது. ஃபெஃபோ வரிசையில் அதுதான் முதல் ஆள். ஆனால் அதை ஆன்லைன் நிறுவனத்தின் கிடங்குக்கு அனுப்பினால், அங்கே ஒரு வாரம் இருந்தாலே 54 நாள் கோட்டைத் தாண்டிவிடும். தினமும் ஒரு பெட்டி விற்கும் பேருந்து நிலையக் கடைக்கு அனுப்பினால் மறுநாளே காலி. மாதம் ஒரு பெட்டிகூட விற்காத தெருமுனைப் பெட்டிக்கடைக்குப் போனால் அங்கேயே காலாவதியாகும். வேகமாக விற்கும் இடத்துக்குத்தான் அது போக வேண்டும். ஆனால், வேண்டாம் என்று சொல்ல முடியாத சின்னக் கடையில் அதை இறக்கிவிட்டுப் போவதுதான் ஏஜென்சிக்குச் சுலபம். பெரிய கடைகள் தேதி பார்த்துத் திருப்பி அனுப்பும், சின்னக் கடைக்காரருக்கு அந்த வலு இல்லை. ஃபெஃபோ என்ற பெயரில் நடக்கும் அநியாயம் என்றே இதைச் சொல்லலாம்.

கோட்டைத் தாண்டி மிஞ்சிய சரக்கு என்ன ஆகிறது என்பதும் கவனிக்கப்படுகிறது. காலாவதியான, நிராகரிக்கப்பட்ட உணவுப் பொருட்கள் எவ்வளவு, அவை எப்படி அப்புறப்படுத்தப்பட்டன என்ற விவரத்தை உற்பத்தியாளர்களும் இறக்குமதியாளர்களும் காலாண்டுக்கு ஒருமுறை ஆன்லைனில் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் இதே ஆணையம் உத்தரவிட்டது. தேதியை மாற்றி மறுபடி சந்தைக்கு வந்துவிடக் கூடாது என்பதுதான் அச்சம்.

அச்சிட்ட தேதியையே நம்ப முடியாதபோது?

ஃபெஃபோ முழுக்க முழுக்க அட்டையில் உள்ள தேதியை நம்புகிறது. அந்தத் தேதியோ, சொன்ன வெப்பநிலையில் பொருளை வைத்திருந்தால் மட்டுமே உண்மை. மே மாத வெயிலில் வேனில் கிடந்த பெட்டியும் ஏசி அறையில் இருந்த பெட்டியும் ஒரே தேதியைத்தான் காட்டும்.

இதற்குத் தீர்வு கண்ட ஒரு இடம் தடுப்பூசி. போலியோ சொட்டு மருந்துக் குப்பியில் ஒரு வட்டம், அதற்குள் ஒரு சதுரம் இருப்பதைக் கவனித்திருக்கலாம். 1996 முதல் பயன்பாட்டில் இருக்கும் அடையாளம் இது. குப்பி வெப்பத்தில் இருக்க இருக்க, உள்ளே இருக்கும் சதுரம் கருத்துக்கொண்டே வரும். சதுரம் வெளி வட்டத்தை விட வெளிறி இருந்தால் பயன்படுத்தலாம். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டாலோ அதைவிடக் கருத்துவிட்டாலோ தூக்கிப் போட வேண்டியதுதான், காலாவதிக்கு எத்தனை மாதம் மீதமிருந்தாலும்.

தடுப்பூசிக் கிடங்குகளிலும் முதலில் காலாவதியாவதே முதலில் போகும். ஆனால் இந்தச் சதுரம் வரிசையை மாற்றலாம். ஒரு பெட்டி 2026 டிசம்பரில் காலாவதியாகிறது, சதுரம் வெள்ளையாக இருக்கிறது. இன்னொன்று 2027 ஏப்ரலில் காலாவதியாகிறது, ஆனால் வழியில் சூடுபட்டு சதுரம் கருக்கத் தொடங்கிவிட்டது, இன்னும் எல்லையைத் தொடவில்லை. அப்போது முதலில் எடுக்க வேண்டியது ஏப்ரல் பெட்டியைத்தான்.

மாத்திரை அட்டையிலும் பால் பாக்கெட்டிலும் அப்படியொரு சதுரம் கிடையாது.