மைக்கை எப்போது கீழே வைப்பது?

கல்யாண மேடையில் மைக் பிடித்து, வேற்றுச் சமூக விருந்தினருக்குச் சடங்குகளை விளக்குவது நல்ல வழக்கம்தான். ஆனால் தாலி கட்டும்போது பேசாதீர்கள். கெட்டிமேளம் முழங்குவதே தும்மலோ அபசகுனச் சொல்லோ காதில் விழாமலிருக்கத்தான் என்பார்கள். அதற்கு மேலே வர்ணனை ஓடினால் என்ன அர்த்தம்? அட்சதைத் தட்டு வரும்போதே சொல்லி முடித்துவிடலாம். மூன்று முடிச்சுக்கு மனம், வாக்கு, காயம் என்று தத்துவம் அடுக்குவதைவிட, கண்ணெதிரே நடக்கப்போவதைச் சொல்லுங்கள்: பல குடும்பங்களில் மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட, மற்ற இரண்டையும் போடுவது அவர் சகோதரி. ஏன் அவள் என்று விருந்தினர் கட்டாயம் கேட்பார்கள். வருகிற பெண்ணுக்குப் புகுந்த வீட்டின் சார்பில் அவளும் பொறுப்பேற்கிறாள் என்று சொல்லலாம். பின்னால் வரும் நாத்தனார் சண்டையை விளக்குவது வர்ணனையாளர் வேலையில்லை.