பெயரடைகளை அடுக்கினால் படம் கலங்கும்

"ப்ரொம்ட் நீளமாக இருந்தால்தான் நல்ல படம் வரும்" என்று குழுக்களில் பகிர்கிறோமே, அது பிழை. அந்தப் பிழையை நாங்களும் செய்தோம்.

பாடசாலை வாசிப்பு மாதப் பதாகைக்கு ஏஐயிடம் இப்படிக் கேட்டோம்: "எளிமையான, ஆடம்பரமான, நவீன, பழைமையான, பிரகாசமான, இருள் சூழ்ந்த நூலகம், நீர்வர்ண ஓவியம், அசல் புகைப்படம் போல." வந்தது பகலுமில்லை, இரவுமில்லை. சாம்பல் படிந்த ஒரு கட்டடம், பாதி ஓவியம், பாதி பிளாஸ்டிக்.

மென்பொருளைக் குறை சொல்லாதீர்கள். எல்லாச் சொற்களும் ஒரே நேரத்தில் படத்தை இழுக்கின்றன. வெளிச்சமும் இருளும் சேர்ந்து இழுத்தால் மங்கல்தான் மிஞ்சும்.

எனவே முரண்படும் சொற்களைச் சோடி சோடியாக எழுதி, ஒவ்வொன்றிலும் ஒன்றை வெட்டுங்கள். பட வகை ஒன்று, ஒளி ஒன்று போதும். "அழகான" என்பதற்குப் பதிலாகக் கண்ணால் காணக்கூடிய ஒன்றைச் சொல்லுங்கள்.

நாங்கள் வெட்டிய பின் மிஞ்சியது: "நீர்வர்ண ஓவியம். காலை வெயிலில் பழைய நூலகம். ஜன்னலோரம் வாசிக்கும் சிறுமி." படம் தெளிந்தது. குறை இருந்தால் ஒரு தடவைக்கு ஒரு சொல் மட்டும் சேருங்கள்; எந்தச் சொல் கெடுத்தது என்று அப்போதுதான் தெரியும்.

எது வேண்டும் என்று நாம் முடிவெடுக்காததைப் பெயரடைகளால் மறைக்க வேண்டாம்.