முதல் வாக்கியத்தைத் தேடாதீர்கள், ஜோடியைத் தேடுங்கள்



இன்று கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன். வீட்டில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை இருந்தால் பொறுமையாகப் படியுங்கள்.

என் தம்பி மகள் வங்கித் தேர்வுக்குத் தயாராகிறாள். ஆங்கிலப் பகுதியில் கலைத்துப் போட்ட வாக்கியங்களை வரிசைப்படுத்தும் கேள்வி வருமே, அதற்குப் பயிற்சி மையத்தில் கொடுத்த குறிப்பைக் காட்டினாள். "முதலில் ஆரம்ப வாக்கியத்தைக் கண்டுபிடி. ஆள் பெயரோ வருடமோ இருப்பதுதான் ஆரம்பம். பிறகு விடைகளைப் பார்த்துக் கழித்துக்கொண்டே வா" என்று இருந்தது. இந்த வழி பாதி நேரம் பலிக்கும், மீதி நேரம் காலை வாரிவிடும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கிற தேர்வில் பாதி நேரம் பலிப்பது போதாது.

சொல்வதைவிடச் செய்துகாட்டுவது மேல். முறை எந்த மொழிக்கும் ஒன்றுதான் என்பதால் தமிழிலேயே ஒரு கேள்வி தயாரித்திருக்கிறேன்.

1. ஆனால் 1964 டிசம்பரில் வீசிய புயல் அதன் பெரும்பகுதியைச் சிதைத்துவிட்டது.
2. இளம் பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையிலான குழுவோ 46 நாளிலேயே அந்த வேலையை முடித்துவிட்டது.
3. மண்டபத்தையும் பாம்பன் தீவையும் இணைக்கும் ரயில் பாலம் 1914-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது.
4. இந்தச் சேதத்தைச் சரிசெய்ய ரயில்வே நிர்வாகம் ஆறு மாத அவகாசம் கொடுத்தது.
5. முதல் ஐம்பது ஆண்டுகள் அது கடல் காற்றையும் அலையையும் தாங்கி நின்றது.

அ) 3-1-4-2-5
ஆ) 3-5-1-4-2
இ) 2-4-3-5-1
ஈ) 3-5-1-2-4

கீழே படிக்காமல் ஒரு நிமிடம் முயன்று பாருங்கள்.

பயிற்சி மையத்துக் குறிப்பின்படி போனால் என்ன ஆகும்? ஆள் பெயர் இருப்பது 2-இல். அதை நம்பினால் நேராக 'இ' என்ற குழியில் விழுவோம். வருடத்தை நம்பினால் 1, 3 இரண்டிலும் வருடம் இருக்கிறது. சரி, 3-தான் ஆரம்பம் என்று எப்படியோ பிடித்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். நான்கு விடைகளில் மூன்று 3-இல்தான் தொடங்குகின்றன. இவ்வளவு பாடுபட்டு ஒரே ஒரு விடையைத்தான் கழித்திருக்கிறோம். கேள்வி தயாரிப்பவருக்கு இந்தக் குறுக்குவழி தெரியும். அதனால்தான் அப்படி விடைகளை அமைக்கிறார்.

இப்போது ஆரம்பத்தை மறந்துவிட்டு, தனியாக நிற்க முடியாத வாக்கியங்களைப் பாருங்கள். 4-இல் "இந்தச் சேதத்தை" என்று வருகிறது. எந்தச் சேதம்? அதைச் சொல்வது 1 மட்டுமே. ஆகவே 1-ஐ ஒட்டி 4. அடுத்து 1-ஐப் பாருங்கள். "ஆனால்" என்றால் அதற்கு எதிரான ஒன்று முன்னால் சொல்லப்பட்டிருக்க வேண்டும். சிதைந்ததற்கு எதிர் தாங்கி நின்றது. அது 5-இல் இருக்கிறது. ஆகவே 5-ஐ ஒட்டி 1.

இந்த இரண்டு ஜோடிகளோடு விடைகளுக்குப் போங்கள். 'அ'வில் 5 கடைசியில் கிடக்கிறது. 'இ'யில் 1-க்குப் பிறகு எதுவுமே இல்லை. 'ஈ'யில் 1-க்கு அடுத்து 2 வருகிறது. மிஞ்சுவது 'ஆ' ஒன்றுதான். ஆரம்ப வாக்கியம் எது என்று நாம் கேட்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

விடைகளே தராத தேர்வும் உண்டு. மேலாண்மைப் படிப்புக்கான கேட் தேர்வில் வரிசை எண்ணை நாமே தட்டச்சு செய்ய வேண்டும். அங்கே கழிப்பதற்கு ஒன்றும் இல்லை. ஐந்து வாக்கியங்களை 120 விதமாக வரிசைப்படுத்தலாம். 5-1 என்ற ஒரு ஜோடியை ஒட்டிவிட்டால் 120 என்பது 24 ஆகிறது. 1-4 சேர்ந்தால் 6. மூன்றாவதாக ஒரு ஜோடியும் இருக்கிறது. 2-இல் உள்ள "46 நாளிலேயே" என்பதில் அந்த ஏகாரத்தைப் பாருங்கள். எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் என்கிறது. எதிர்பார்த்தது எவ்வளவு என்பது 4-இல் இருக்கிறது, ஆறு மாதம். "குழுவோ" என்ற ஓகாரமும் அதையே காட்டுகிறது. ஆக 4-ஐ ஒட்டி 2. இப்போது மிச்சம் இரண்டே வரிசைகள். 3 முன்னால் வர வேண்டும், அல்லது கடைசியில் வர வேண்டும். 5-இல் உள்ள "அது" எதையோ சுட்டுவதால் அதை வைத்துத் தொடங்க முடியாது. ஆரம்ப வாக்கியம் தானாகவே வந்து உட்கார்ந்துவிட்டது.

அதனால்தான் சொல்கிறேன், ஆரம்ப வாக்கியம் என்பது தேடிப் பிடிக்கிற பொருள் அல்ல. மற்றவையெல்லாம் யார் மீதாவது சாய்ந்து நிற்கும்போது எதன் மீதும் சாயாமல் நிற்பது எதுவோ, அதுதான் ஆரம்பம். தமிழில் அந்தச் சாய்வைக் காட்டுபவை அது, இந்த, ஆனால், ஆகவே போன்ற சொற்களும், வகுப்பில் நான் திரும்பத் திரும்பச் சொன்ன ஏ, ஓ, உம் என்ற இடைச்சொற்களும். ஆங்கிலத்தில் ஒரு பொருளை முதன்முதலாகச் சொல்லும்போது பெரும்பாலும் 'எ' வரும், அதையே மறுபடி சொல்லும்போது 'தி' வரும். ஆளின் முழுப்பெயர் முதலில், பிறகு 'ஹீ' அல்லது 'ஷீ'. பெரிய சொற்களை விட்டுவிட்டு இந்தப் பொடிச் சொற்களின் கீழ் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள்.

கேள்வித்தாள் தயாரிக்கிற என் மாணவர்களுக்கு, குறிப்பாக ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மேலே 5-ஆம் வாக்கியத்தில் இருக்கும் "முதல்" என்ற சொல்லை எடுத்துவிட்டுப் படியுங்கள். "ஐம்பது ஆண்டுகள் அது தாங்கி நின்றது." இப்போது பாலத்தைப் பழுதுபார்த்த பிறகு ஐம்பது ஆண்டுகள் நின்றது என்றும் ஒரு பிள்ளை படிக்கலாம். 'அ' என்ற விடையைத் தவறு என்று அடித்துச் சொல்ல நம்மிடம் வலுவான காரணம் இருக்காது. ஒரு சொல்தான் அந்தக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறது.

கடைகளில் விற்கும் பயிற்சித் தாள்களில் இப்படிக் கதவு திறந்து கிடக்கும் கேள்விகளை நிறையவே பார்க்கிறேன். பத்திரிகையிலிருந்து ஒரு பத்தியை வெட்டிக் கலைத்துவிட்டு, மூலத்தில் இருந்த வரிசைதான் விடை என்று போட்டுவிடுகிறார்கள். எழுதியவர் அப்படி எழுதினார் என்பது வேறு, அப்படித்தான் எழுத முடியும் என்பது வேறு. நன்றாக யோசிக்கிற பிள்ளைதான் இரண்டாவது வரிசையையும் பார்க்கும், தயங்கும், மதிப்பெண்ணை இழக்கும். கடைசியில் "யோசித்ததுதான் தப்பு" என்ற பாடத்தைக் கற்றுக்கொள்ளும். எனக்கு வருத்தம் அதில்தான்.

ஆகவே கேள்வியை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன், விடைகளை மறைத்துவிட்டு இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கொடுங்கள். வெவ்வேறு வரிசை வந்தால் ஒரு "முதல்" அல்லது ஒரு "இந்த" சேர்த்துச் சரிசெய்யுங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் கேள்வியையே தூக்கிப் போடுங்கள்.

படிக்கிற பிள்ளைகளுக்கு: இரண்டு ஜோடி கிடைக்கும்வரை விடைகளைக் கையால் மறைத்து வையுங்கள். வரிசை கிடைத்ததும் ஒருமுறை மனதுக்குள் வாசித்துப் பாருங்கள். ஒவ்வொரு "அது"வுக்கும் எது என்று பதில் சொல்ல முடிந்தால் அடுத்த கேள்விக்குப் போகலாம்.

உங்களுக்குச் சிக்கலாகத் தோன்றிய கேள்வி இருந்தால் கீழே போடுங்கள். சேர்ந்து பார்ப்போம்.