'குழம்பியுள்ளது' என்று போட்டால் புதிர் ஆகிவிடுமா?

பத்திரிகைக் குறுக்கெழுத்துகள் சிலவற்றைப் பாருங்கள். கட்டத்தில் சொல் பொருந்தவில்லையா? எழுத்துகளை மாற்றிப் போட்டுவிட்டு, பக்கத்தில் 'குழம்பியுள்ளது' என்று எழுதிவிடுவார்கள். குழம்பியது அமைத்தவர், தண்டனை எங்களுக்கு! இதைக் காட்டித்தான் "தமிழில சொல்விளையாட்டுப் புதிர் சரிவராது" என்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து வரும் 'தென்றல்' இதழில் வாஞ்சிநாதன் அமைத்த புதிர்களைப் பார்த்தபின் இந்தக் கதையை நாங்கள் நம்புவதில்லை.

நல்ல குறிப்பில் இரண்டு பாதி இருக்கும். ஒன்று விடையின் பொருள், மற்றது விடையைக் கட்டும் வழி. விடுமுறைக்கு நறுவிலிக்குளம் வந்து நாங்கள் எழுதியதில் ஒன்று: 'பாரதி தந்தது, மாற்றி விதைக (3)'. 'விதைக' என்பதன் மூன்று எழுத்தையும் மாற்றி அடுக்கினால் கவிதை. வாசிக்கும்போது தோட்டம் தெரிகிறது, விடையோ வேறெங்கோ.

எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது அடுத்ததில். 'கடும் குழப்பத்தில் தண்ணீர் அள்ளுவது (3)', விடை குடம் என்றான் ஒருவன். நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. 'கடும்' என்பதில் க, டு, ம். 'குடம்' என்பதில் கு, ட, ம். அவன் மாற்றியது எழுத்தை அல்ல, உகரத்தைக் கழற்றி வேறு எழுத்தில் ஒட்டியிருக்கிறான். தமிழில் உயிர்மெய் ஒரே எழுத்து, உடைக்கக் கூடாது. உடைக்கத்தான் வேண்டுமென்றால் குறிப்பிலேயே சொல்லிவிட வேண்டும்: 'அரசர் நடுவே கால் வைத்த தீவு (4)'. மன்னர் என்பதில் ஒரு கால் போட்டால் மன்னார். இது களவு இல்லை, கால் என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறோம்.

மறைசொல்லில் மாட்டிவிடுவது சந்தி. 'புறப்பட குடை எடு, உள்ளே கடலில் ஓடும்' என்று படகை ஒளித்தோம். ப, ட, கு வரிசையாக நிற்பது போலத்தான் தெரிந்தது. ஆனால் சரியாக எழுதினால் 'புறப்படக் குடை'. நடுவில் க் வந்து படகைக் கவிழ்த்துவிட்டது. ஒற்றை விழுங்கிவிட்டுப் புதிர் போடுகிறவர் வாசகரை ஏமாற்றுகிறார். நாங்கள் அதைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தலைவெட்டுக்கு மாறினோம்: 'தலைபோன கவலை, கடலில் விரிப்பது (2)'. கவலையின் முதல் எழுத்துப் போனால் வலை. சந்திக்கு இங்கே வேலையே இல்லை.

சரிவராத இடமும் உண்டு. 'கருவாடு' என்பதைக் கரு, வாடு என்று பிரித்துக் கொடுத்தால் சோம்பேறித்தனம், சொல்லே ஏறக்குறைய அப்படித்தான் பிறந்திருக்கிறது. எங்கட ஊர்ப் பேரிலும் அதே தலையிடி. நறுவிலி மரம், குளம் என்று பிரித்தால் விளக்கம்தான் வரும், விளையாட்டு வராது. வேறு இடத்தில் வெட்ட வேண்டும். நறு, விலி, க், குளம்... 'விலி'யில் நிற்கிறோம். எட்டு எழுத்து, மூன்று நாளாச்சு.