கணக்கு நோட்டின் கடைசி வரி எங்கே?

மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கணக்கு நோட்டு பல ஊர்களில் செல்போனுக்கு வந்துவிட்டது. கூகுள் ஷீட்ஸ் அல்லது எக்செல்லில் தேதி, விவரம், வரவு, செலவு, இருப்பு என ஐந்து கட்டங்கள் போட்டால் கணக்கு தயார். வாரா வாரம் வரிகள் கூடிக்கொண்டே போகும். குழுக் கூட்டத்தில் யாராவது, "அக்கா, இப்போ கையில எவ்வளவு இருக்கு?" என்று கேட்டால், பொருளாளர் விரலால் திரையைத் தள்ளித் தள்ளி அடிவரி வரை போக வேண்டும். 12 பேர் உள்ள குழுவில் ஆளுக்கு ஒரு வரி என்று எழுதினால் மாதத்துக்கு 50 வரி வரும். ஆறாவது மாதத்தில் அந்தத் தள்ளல் நீண்டுவிடும்.

கடைசி இருப்பு தானாகவே தாளின் உச்சியில் வந்து நின்றால் இந்தச் சிரமம் இல்லை. அதற்கு ஒரே ஒரு சூத்திரம் போதும். ஆனால், அதை எந்தக் கட்டத்தை நம்பி எழுதுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தாள் இப்படி இருக்கட்டும்

முதல் வரியைக் காலியாக விடுங்கள். இரண்டாவது வரியில் தலைப்புகள்: A-யில் தேதி, B-யில் விவரம், C-யில் வரவு, D-யில் செலவு, E-யில் இருப்பு. மூன்றாவது வரியிலிருந்து கணக்கு. E3-இல் இதை எழுதி, 1000-வது வரி வரை கீழே இழுத்துவிடலாம்.

```
=IF(C3&D3="","",SUM(C$2:C2)+C3-SUM(D$2:D2)-D3)
```

வரவும் செலவும் காலியாக இருந்தால் இருப்பும் காலியாகத் தெரியும். ஏதாவது ஒன்று எழுதினால் அதுவரையிலான இருப்பு வந்துவிடும்.

உதாரணத்துக்கு, 3-வது வரியில் ஆரம்ப இருப்பு 8,400 ரூபாய். 4-வது வரியில் சந்தா 1,200 வருகிறது, இருப்பு 9,600. 5-வது வரியை வாரம் பிரிப்பதற்காகக் காலியாக விட்டிருக்கிறார்கள். 6-வது வரியில் ஓர் உறுப்பினருக்குக் கடன் 3,000, இருப்பு 6,600. 7-வது வரியில் மறுபடி சந்தா 1,200, இருப்பு 7,800. உச்சியில் தெரிய வேண்டியது இந்த 7,800தான்.

எண்ணிப் பார்த்தால் ஏமாறலாம்

பலரும் முதலில் செய்வது, COUNTA மூலம் எத்தனை கட்டங்கள் நிரம்பியிருக்கின்றன என்று எண்ணி, அந்த எண்ணுக்குரிய வரியை எடுப்பது. இருப்பைக் கையால் எழுதுகிறவர்களுக்கு நடுவிலுள்ள காலி வரி காலை வாரிவிடும். நிரம்பியவை நான்கு, மேலிருந்து நான்காவது கட்டமோ 6-வது வரி. விடை 6,600 என்று வரும். ஒரு சந்தா வசூலே காணாமல் போயிருக்கும்!

சூத்திரத்தை இழுத்துவிட்டவர்களுக்கு வேறு சிக்கல். கண்ணுக்குக் காலியாகத் தெரியும் கட்டத்திலும் சூத்திரம் உட்கார்ந்திருப்பதால், COUNTA அதையும் நிரம்பியதாகவே எண்ணும். 1000-வது வரிக்குப் போய், ஒன்றும் இல்லாத கட்டத்தைக் காட்டும்.

எண்ணுவதை விட்டுவிட்டு, காலியாக இல்லாத கடைசிக் கட்டத்தைத் தேடச் சொல்வதுதான் சரி. எக்செல்லில் அதற்குப் பழகிய வழி இது.

```
=LOOKUP(2,1/(E3:E1000<>""),E3:E1000)
```

பார்க்கப் புதிர் மாதிரி இருந்தாலும் உள்ளே நடப்பது எளிது. ஒவ்வொரு கட்டத்தையும் 'நீ காலியாக இல்லைதானே?' என்று கேட்கிறது. 'ஆம்' என்றால் 1, 'இல்லை' என்றால் 0. அந்த விடையால் 1-ஐ வகுக்கிறது. நிரம்பிய கட்டத்துக்கு 1 கிடைக்கும்; காலிக் கட்டத்துக்கு, பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்பதால், பிழை கிடைக்கும். பிறகு அந்த வரிசையில் 2-ஐத் தேடுகிறது. 2 எங்கேயும் இல்லை. LOOKUP பிழைகளைக் கண்டுகொள்ளாது. தேடிய எண் கிடைக்காவிட்டால் அதைவிடச் சிறிய எண்களில் கடைசியாக நிற்பதை எடுத்துக்கொள்ளும். அதாவது, கடைசி 1. அது நிற்கும் 7-வது வரியின் 7,800 உச்சிக்கு வந்துவிடும்.

இங்கேதான் ஆபத்து

அடுத்த வாரம் 8-வது வரியில் 5,000 ரூபாய் கடன் கொடுத்ததை, நோட்டில் எழுதிய பழக்கத்தில் 5000/- என்று பொருளாளர் எழுதிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது எண் இல்லை, எழுத்து. அதைக் கழிக்க முடியாமல் E8-இல் #VALUE! என்று வரும்.

உச்சியில் என்ன தெரியும்? அதே 7,800. LOOKUP பிழைகளைத் தாண்டிப் போகும் என்று பார்த்தோமே, இந்தப் பிழையையும் தாண்டி 7-வது வரிக்குப் போய்விட்டது. பெட்டியில் இருப்பது 2,800 ரூபாய். அன்றைக்கே இன்னொருவர் 6,000 கேட்டால், திரையைப் பார்த்து 'சரி, தரலாம்' என்று குழு தீர்மானம் போட்டுவிடும். கேட்டவரும் நம்பி வீட்டுக்குப் போவார். பணத்தை எண்ணும்போதுதான் விஷயம் வெளியே வரும். கேள்வி பொருளாளர் மீது பாயும்.

தேதியைக் கேளுங்கள், இருப்பை வாங்குங்கள்

தீர்வு ஓர் எழுத்து மாற்றம்தான். காலியா, இல்லையா என்று கேட்பதைக் கணக்குப் போடும் E-யிடம் கேட்காமல், கையால் எழுதும் தேதிக் கட்டமான A-யிடம் கேட்க வேண்டும். விடையை மட்டும் E-யிலிருந்து எடுக்க வேண்டும். இதை E1-இல் எழுதுங்கள்.

```
=LOOKUP(2,1/(A3:A1000<>""),E3:E1000)
```

கூகுள் ஷீட்ஸில் இப்படி எழுத வேண்டும்.

```
=ArrayFormula(LOOKUP(2,1/(A3:A<>""),E3:E))
```

இப்போது தேதி எழுதிய கடைசி வரி 8. அதன் இருப்பில் பிழை இருப்பதால் உச்சியிலும் #VALUE! என்றே தெரியும். பழைய தொகையைக் காட்டி ஏமாற்றாது. 5000/- என்பதை 5000 என்று திருத்தினால் உடனே 2,800 வரும். திருத்தாமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள். SUM எழுத்தைக் கூட்டலில் சேர்க்காது என்பதால், அதற்குக் கீழே வரும் எல்லா இருப்பிலும் 5,000 அதிகமாகத் தெரியும்.

இந்த முறைக்கு இரண்டே நிபந்தனைகள். ஒவ்வொரு வரிக்கும் தேதி எழுத வேண்டும். வரப்போகும் வாரங்களுக்கு முன்கூட்டியே தேதி போட்டு வைக்கக் கூடாது. போட்டால் உச்சிக் கட்டம் வெறுமையாகிவிடும். தேதியே போடாமலும் அது வெறுமையாக இருக்கிறதா? தேதியை அழிக்க யாரோ ஸ்பேஸைத் தட்டியிருக்கலாம். சந்தேகப்படும் கட்டம் A9 என்றால், வேறொரு கட்டத்தில் =LEN(A9) என்று எழுதிப் பாருங்கள். 0 வந்தால் காலி. 1 வந்தால் உள்ளே ஓர் இடைவெளி ஒளிந்திருக்கிறது. கட்டத்தைத் தொட்டு டெலீட் செய்யுங்கள்.

எக்செல்லில் எழுதிய 1000 என்பதும் ஓர் எல்லை. 1001-வது வரியில் எழுதுவது உச்சிக்கு வராது. பழைய தொகையே நிற்கும். மாதம் 50 வரி என்றால் வருடத்துக்கு 600. ஒவ்வொரு ஏப்ரலிலும் புதுத் தாள் தொடங்கி, போன வருட இருப்பை 3-வது வரியில் எழுதிவிட்டால் அந்த எல்லையைத் தொட வேண்டியிருக்காது.

மேல் இரண்டு வரிகளை 'ஃப்ரீஸ்' செய்துவிடுங்கள். தாள் எவ்வளவு நீளமானாலும், "எவ்வளவு இருக்கு?" என்ற கேள்விக்கான பதில் கண்ணெதிரே நிற்கும்.