வினைமுற்றுக்கு முன்னால் வெட்டுதல்

ஆவணப்படங்களுக்கு இன்று வெளியிடப்படும் முன்னோட்டங்களில் பெரும்பாலானவை சுருக்கங்களே. நாற்பது நிமிடப் படத்தை எடுத்தவர் அதை ஒன்றரை நிமிடத்தில் மீண்டும் சொல்லிவிடுகிறார்: இடம் இது, மக்கள் இவர்கள், துயரம் இது, முடிவு இது. அதைப் பார்த்து முடித்தவருக்குப் படத்தைப் பார்த்த நிறைவு வந்துவிடுகிறது. படத்தைத் தேடிப் போவதற்குக் காரணம் எஞ்சுவதில்லை. ஆய்வேட்டின் சுருக்கத்தை எழுதிப் பழகிய கைகளே ஆவணப்படத்தையும் எடுப்பதால் இந்தப் பிழை பல்கலைக்கழக வளாகங்களில் கூடுதலாகக் காணப்படுகிறது.

‘டிரெய்லர்’ என்ற சொல்லே வேடிக்கையானது. பின்னால் இழுபட்டு வருவது என்பது அதன் பொருள். தொடக்க காலத்தில் இவ்விளம்பரத் துண்டுகள் திரையரங்கில் படம் முடிந்த பிறகு காட்டப்பட்டன. தமிழ் அதை ‘முன்னோட்டம்’ என்று திருத்திக்கொண்டது. திருத்தம் சரியானதே, ஆனால் ‘முன்’ என்பதற்கு முழுவதையும் முன்கூட்டியே என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். குஜராத்தின் சிறிய ரண் பகுதியில் உப்பு விளைவிக்கும் அகரியா குடும்பம் ஒன்றைப் பற்றிய 38 நிமிட ஆவணப்படம் முடிந்து கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மழைக்காலத்தில் நீரில் மூழ்கிக் கிடக்கும் நிலம் அக்டோபர் வாக்கில் வற்றுகிறது. குடும்பம் அங்கே குடியேறி, கிணறு தோண்டி, நிலத்தடி உவர்நீரை இறைத்து, பாத்திகளைக் காலால் மிதித்து இறுக்கி, மாதக்கணக்கில் காத்திருக்கிறது. உப்பு வாரும் பருவத்துக்குச் சற்று முன் ஒரே ஒரு பருவம் தவறிய மழை பெய்தால் போதும், உழைப்பு கரைந்துவிடும். படத்தின் கடைசிக் கால்பகுதி அந்த மழை வந்ததா இல்லையா என்பதைச் சொல்கிறது.

முதல் விதி, அந்தக் கடைசிக் கால்பகுதியைத் தொடாமல் இருப்பது. 28ஆம் நிமிடத்தில் ஒரு குறியிட்டு, அதற்குப் பின்னால் உள்ள எதையும் எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட வேண்டும். அந்தப் பகுதியில்தான் படத்தின் மிக அழகான காட்சிகள் இருக்கும். கை அங்கேயே போகும், தடுக்க வேண்டும். மீதி 28 நிமிடங்களிலிருந்து பதினைந்து, இருபது துண்டுகளை எடுத்து வரிசையாக அடுக்கினால் நான்கு நிமிடம் வரும். அதை 75 விநாடிக்குக் குறைப்பதே வேலை.

இங்கே பலர் சிக்கிக்கொள்ளும் இடம் ஒலி. முடிந்த படத்தின் ஒற்றைக் கோப்பு மட்டும் இருந்தால், அதில் பேச்சும் இசையும் கலந்தே இருக்கும். வெட்டும் இடமெல்லாம் இசை தடுக்கி விழும். காதை மூடிக்கொண்டு பார்த்தால் வழுக்கிச் செல்லும் தொகுப்பு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் துண்டுதுண்டாக ஒலிக்கிறது என்றால் காரணம் இதுதான். பேச்சு, இசை, சூழல் ஒலி ஆகியவற்றைத் தனித்தனித் தடங்களாகப் படத்தொகுப்பாளரிடமிருந்து பெற வேண்டும். பெற முடியாவிட்டால், இசை இல்லாத இடங்களை மட்டுமே எடுத்து, நீரிறைக்கும் இயந்திரத்தின் ஒலியை அடியில் இழையாக ஓட விடலாம். அந்த ஒலியே தாளமாகிவிடும். தொடக்கத்தில் நான்கைந்து விநாடி நீளும் காட்சிகள் மூன்றாக, இரண்டாக, இறுதியில் ஒரு விநாடிக்கும் குறைவாகச் சுருங்கும்போது அதே ஒலி மாறாமல் ஓடினால், பதற்றத்துக்கு வேறு முரசு தேவையில்லை. பிறகு அந்த இயந்திரம் சட்டென்று நிற்க வேண்டும்.

நின்ற அமைதியில் ஒரு குரல் வர வேண்டும். முதியவர் ஒருவர் குஜராத்தியில் “வர்சாத் ஆவே தோ” என்கிறார்: மழை வந்தால். படத்தில் அவர் வாக்கியத்தை முடிக்கிறார். முன்னோட்டத்தில் அங்கேயே வெட்டு. இந்திய மொழிகளில் பெரும்பாலானவை முன்னோட்டம் செய்பவருக்குத் தரும் பெரிய கொடை இது. வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் அமர்ந்திருக்கிறது. நிபந்தனை முதலில் வருகிறது. என்ன நேரும் என்ற செய்தி முழுவதும் வெட்டுக்கு அப்பால் தங்கிவிடும்.

துணைத்தலைப்பு இதைக் கெடுக்கும். முழுப் படத்துக்கு எழுதப்பட்ட ஆங்கிலத் துணைத்தலைப்பு ‘எல்லாம் கரைந்துவிடும்’ என்பதை முதலிலும் ‘மழை வந்தால்’ என்பதைப் பின்னாலும் வைத்திருக்கக்கூடும். அதை அப்படியே ஒட்டினால், பேசுபவர் வாய் திறக்கும் முன் எழுத்து உண்மையை உடைத்துவிடும். முன்னோட்டத்துக்கான துணைத்தலைப்பைப் புதிதாக எழுத வேண்டும். பேச்சு எந்தச் சொல்லில் நிற்கிறதோ அதே பொருளில் எழுத்தும் நிற்க வேண்டும். கைப்பேசியில் ஒலியை அடைத்துப் பார்ப்பவருக்கு எழுத்துதான் குரல்.

ஆனால் இதே இலக்கண வசதி ஓர் ஆபத்தையும் உடன் கொண்டுவருகிறது. எதிர்மறையும் பெரும்பாலும் கடைசியில் வருகிறது. “இந்த நிலத்தை விட்டுப் போக மாட்டேன்” என்ற வாக்கியத்தை ‘போக’ என்ற இடத்தில் வெட்டினால், போகத் துடிப்பவரின் குரலாக அது மாறிவிடும். குஜராத்தியிலும் ‘நஹி’ வினைக்குப் பின்னால் வரலாம். “ஜஈஷ் நஹி” என்பதில் கடைசிச் சொல்லை நறுக்கினால் ‘போவேன்’ என்பது மட்டும் எஞ்சும். முதல் வெட்டு ஒரு கேள்வியைத் திறந்து வைக்கிறது. இரண்டாவது வெட்டு பேசியவர் சொல்லாததை அவர் வாயில் வைக்கிறது. தொகுப்பு மேசையில் இரண்டும் ஒரே அளவு விறுவிறுப்பாகத்தான் தெரியும்; மொழி தெரியாத தொகுப்பாளருக்கு வேறுபாடே தெரியாது.

பார்வையாளரிடம் முன்னோட்டத்துக்கு உள்ள கடப்பாடு குறைவு என்று சட்டமே சொல்கிறது. ‘ஃபேன்’ என்ற 2016ஆம் ஆண்டு இந்திப் படத்தின் விளம்பரத்தில் இருந்த பாடல் படத்தில் இல்லை என்று ஒருவர் நுகர்வோர் வழக்கு தொடுத்தார். கீழே அவருக்கு 10,000 ரூபாய் இழப்பீடு கிடைத்தது. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. விளம்பர முன்னோட்டம் ஒப்பந்தத்துக்கான முன்மொழிவு ஆகாது என்பது அதன் முடிவு. வணிகப் படத்துக்கு இது போதும். ஆவணப்படத்தில் எதிரே இருப்பவர் சீட்டு வாங்கியவர் மட்டும் அல்லர். படத்தில் பேசிய முதியவர் தம் 38 நிமிடத்துக்குச் சம்மதித்தார். அந்த 75 விநாடிக்குத் தனியாக யாரும் அவரிடம் கேட்பதில்லை. படத்தைக் காட்டிலும் முன்னோட்டமே பல மடங்கு பேரைச் சென்றடையும் என்பதால், உலகம் அறியப்போவது அந்த வெட்டுண்ட குரலைத்தான். வெளியிடும் முன் அதை அவருக்குப் போட்டுக் காட்டுவது ஒன்றேகால் நிமிட வேலை.

காட்சிக்கும் இதே அளவுகோல் பொருந்தும். முதல் 28 நிமிடத்தில் எங்கோ மேகம் கூடுகிறது என்றால் அதை எடுக்கலாம். மழை வராமலே போயிருந்தாலும் அந்த அச்சம் மெய். வேறெங்கோ பதிவான இடியோசையை அந்த மேகத்தின் மேல் ஒட்டினால் அது பொய்.

“வர்சாத் ஆவே தோ” என்பதற்குப் பின் ஒரு விநாடி வெறும் கறுப்பு. அதன் பிறகு தலைப்பு அட்டை. அட்டையில் படத்தின் பெயர் மட்டும், இருமுறை நிதானமாகப் படித்து முடிக்கும் நேரம், அதாவது நான்கு விநாடி அளவுக்கு நிற்கட்டும். நாளும் இடமும் அடுத்த அட்டைக்கு உரியவை. நிதியளித்த நிறுவனங்களின் இலச்சினைகளை அங்கே அடுக்கினால் கண் பெயரை விட்டுவிடும். பெயரே விடையாகிவிடக் கூடாது என்பதையும் கவனிக்க வேண்டும்: ‘கரைந்த உப்பு’ என்று பெயர் இருந்தால் அதுவரை கட்டிய பதற்றம் அட்டையிலேயே கரையும், ‘ஏழு மாத உப்பு’ என்றால் கேள்வி அப்படியே இருக்கும்.

படத்தை முன்பு பார்த்திராத ஒருவரிடம் போட்டுக் காட்டினால் முன்னோட்டத்தின் நிலை தெரிந்துவிடும். “பாவம், எவ்வளவு கடினமான வாழ்க்கை” என்று அவர் சொன்னால் அது இன்னும் சுருக்கமாகத்தான் இருக்கிறது. திரும்பத் தொகுக்க வேண்டும். “மழை வந்ததா?” என்று கேட்டால் வெளியிடலாம்.